கலைச்சொல் தேவை: எண்ணைப் பெறுவதற்காகக் கொடுக்கும் இலவசப் பட்டியலுக்கு

தருமபுரியிலிருந்து, கையேட்டுத் தொகுப்பாளர்:

அன்புடையீர், சிறுதொழில் செய்வோருக்காக நான் தொகுத்து வரும் விற்பனைக் கையேட்டில் 'லீட் மேக்னெட்' என்பதற்கு ஈடான சொல் வேண்டும். வரைவில் ஒருவர் 'முன்னணிக் காந்தம்' என்று எழுதியிருக்கிறார். இதைப் படிக்கிறவருக்கு எதுவும் விளங்காது.

பொருளை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். சந்தூரில் ஒட்டு மாங்கன்று விற்கும் நாற்றங்கால் ஒன்றின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பல ஆயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். ஆனால் ஆடிப் பட்டத்தில் கன்று வந்துவிட்டது என்று சொல்ல அவர்களில் ஒருவருடைய தொலைபேசி எண்ணும் நாற்றங்காலிடம் இல்லை. பக்கத்தில் பதிவிட்டாலும் அதை யாருக்குக் காட்டுவது என்பதை இன்ஸ்டாகிராம் நிறுவனம்தான் முடிவு செய்கிறது. எனவே 'கன்று வாங்குமுன் பார்க்க வேண்டியவை' என்று ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியலை இலவசமாகக் கொடுத்து, கேட்பவரின் எண்ணைப் பெறுகிறார்கள். அந்தப் பட்டியல் இங்கே ஆற்றும் பணிக்குத்தான் பெயர் வேண்டும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, இதற்கு வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை. கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலையைச் சேர்த்துக் கொடுப்பதைக் கொசுறு என்கிறோம். அது வாங்கிய பின் வருவது. நீங்கள் சொல்வது வாங்குமுன் வருவது. ஆகவே 'முன்கொசுறு' என்பதே பொருந்தும். 'தூண்டில்' என்று யாரேனும் சொல்லக்கூடும்; வாடிக்கையாளரை மீனாக்கும் சொல்லை நான் ஏற்கமாட்டேன்.

பாலக்கோட்டிலிருந்து, துணிக்கடை நடத்துபவர்:

இலவசம் கொடுத்து ஆள் சேர்ப்பதை நானும் செய்து பார்த்துவிட்டேன். எண்ணைப் பதிவு செய்வோரில் ஒருவருக்குக் குலுக்கலில் மிக்ஸி என்று அறிவித்தேன், எண்கள் குவிந்தன. தீபாவளிக்குப் புதிய புடவைகளின் படங்களை அனுப்பியபோது, மிக்ஸி யாருக்குக் கிடைத்தது என்று மட்டுமே கேட்டார்கள். இதற்குப் 'பரிசு' என்ற பழைய சொல்லே போதாதா?

ஓசூரிலிருந்து, இணைய விளம்பரப் பணியாளர்:

பாலக்கோட்டு நண்பர் கூறுவது வேறொரு பொருள். ஆனால் அவருடைய அனுபவம் இங்கே மிகவும் பயன்படும். மிக்ஸி எல்லோருக்கும் வேண்டும், ஆகவே எல்லோரும் எண்ணைக் கொடுத்தார்கள். கன்றுப் பட்டியலோ கன்று வாங்க எண்ணுபவருக்கு மட்டுமே வேண்டும். பயனற்றவரைத் தானே விலக்குவதுதான் இதன் தனி இயல்பு. சொல்லில் அந்த இயல்பு தெரியாவிட்டாலும், விளக்கத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

நாற்றங்கால்காரர்கள் முதலில் மா சாகுபடி பற்றிய முழுக் கையேட்டைக் கொடுக்க எண்ணியிருந்தால் அதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். மாம்பழப் படத்தை ரசிப்பவர்கள் எல்லாம் அதை இறக்கி வைத்துக்கொள்வார்கள், படிக்கமாட்டார்கள். வாங்கும் தறுவாயில் எழும் ஐயத்தைத் தீர்ப்பதாகவே பட்டியல் இருக்க வேண்டும். ஒட்டுப்போட்ட இடம் ஆறி நன்றாகக் கூடியிருக்கிறதா, ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து துளிர் கிளம்பியிருக்கிறதா, பையின் அடியில் வேர் சுருண்டிருக்கிறதா, ரசீதில் ரகத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்ற அளவில் நிறுத்தலாம். கடைசிக் கேள்வி விற்பவருக்குச் சற்றுச் சங்கடமானது. செந்தூராவா பெங்களூராவா என்பது காய்த்த பிறகுதானே உறுதியாகும்? ஆனாலும் தன்னையே சோதித்துக்கொள்ளும் அந்தக் கேள்விக்காகவே பட்டியலை நம்புவார்கள்.

எண்ணைப் பெறும் வழியையும் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டாகிராமில் பதிவின் கீழே எழுதும் இணைப்பைத் தொட்டால் திறக்காது. ஆகவே பக்கத்தின் அறிமுகப் பகுதியில் கீழ்க்கண்டவாறு ஒன்றை வைக்க வேண்டும்.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=KANRU
```

எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறியோ பூச்சியமோ வரக்கூடாது. தொட்டவருக்கு வாட்ஸ்அப்பில் அந்தச் சொல் எழுதப்பட்டுத் தயாராக நிற்கும்; அவர் அனுப்பியவுடன் எண் வந்துவிடும், படிவம் எதுவும் தேவையில்லை. பட்டியலை உடனே அனுப்பிவிட்டு, எந்த ஊர், எத்தனை கன்று என்று மட்டும் கேட்டால், வீட்டுக் கொல்லைக்கு ஒன்று கேட்பவரும் தோப்பு வைப்பவரும் அங்கேயே பிரிந்துவிடுவார்கள்.

பலர் இடறுவது இதற்குப் பிறகுதான். வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலில் அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். நாம் அவர் எண்ணைச் சேமித்திருப்பது போதாது. நாள்கள் சென்றும் பலருக்கு ஒற்றைக் குறியே நின்றால் இதுதான் காரணம் என்று ஐயுறலாம். ஆகவே சரிபார்ப்புப் பட்டியலோடு, 'கன்று வரும் தேதி தெரிய இந்த எண்ணைச் சேமியுங்கள்' என்ற வரியும் போக வேண்டும். ஓர் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்பதால், ஊர்வாரியாகப் பிரித்து வைப்பது நல்லது.

சொல்லுக்கு வருகிறேன். கொசுறுக்கு நாம் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. இங்கே எண்ணைக் கொடுக்கிறோம். ஆசிரியர் ஐயாவின் சொல் அழகாக இருந்தாலும், இந்தக் கொடுக்கல் வாங்கலை மறைத்துவிடுகிறது. 'தொடர்பீட்டி' என்பது என் பரிந்துரை.

காவேரிப்பட்டணத்திலிருந்து, தமிழாசிரியர்:

தம்பி, தொடர்பை ஈட்டித் தருவது என்ற பொருள் எனக்குப் புரிகிறது. கேட்பவர் காதில் வேலும் ஈட்டியும்தான் விழும். தூண்டிலை வேண்டாமென்று விலக்கிவிட்டு ஈட்டியை எடுப்பானேன்? கொசுறு கொடுப்பவரும் நாளைக்கு நம் கடைக்கே வர வேண்டும் என்று கருதித்தான் கொடுக்கிறார். கைம்மாறு அங்கும் இல்லாமலில்லை.

தருமபுரியிலிருந்து, தொகுப்பாளர்:

இருவர் கூறியதிலும் நியாயம் இருக்கிறது. நாற்றங்காலில் கேட்டுப் பார்த்தேன். அங்கே இப்படி வருவோரை 'விசாரிப்பு' என்கிறார்கள். இன்று இத்தனை விசாரிப்பு வந்தது என்று கணக்குச் சொல்கிறார்கள். 'லீட்' என்பதற்கு அதையே கொள்ளலாம் என்று தோன்றுகிறது. ஆனால் 'விசாரிப்புக் கொசுறு' என்று சேர்த்தால் நீண்டுவிடுகிறது. 'எண்' என்பதைச் சொல்லில் சேர்க்கவும் எனக்கு விருப்பமில்லை. பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே நிலம் வாங்கியவர்கள் மின்னஞ்சலில் கேட்கிறார்கள், அவர்களையும் சொல் தழுவ வேண்டும்.

கொடுக்கல் வாங்கல் மறையக்கூடாது என்பதை வேறொரு காரணத்துக்காகவும் ஏற்கிறேன். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகத் தரவைப் பெறுகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெறச் சொல்கிறது. பட்டியல் கேட்டவருக்குக் கன்று விளம்பரமும் அனுப்பப் போகிறோம் என்றால், அதைக் கேட்கும் இடத்திலேயே எழுத வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் எளிதாக விலகவும் வழி இருக்க வேண்டும்.

பாலக்கோட்டிலிருந்து, துணிக்கடை நடத்துபவர்:

அப்படியானால் நான் மிக்ஸிக்குப் பதிலாக, பட்டுப்புடவை வாங்குமுன் ஜரிகையைச் சோதிக்கும் முறையை எழுதிக் கொடுக்கலாமா? சோதிக்கக் கற்றுக்கொண்டு வேறு கடையில் வாங்கிவிட்டால்?

ஓசூரிலிருந்து, விளம்பரப் பணியாளர்:

கொடுக்கலாம், சிலர் அப்படிப் போகவும் செய்வார்கள். உங்கள் ஜரிகை அந்தச் சோதனையில் தேறுமா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலின் அடியில் கடையின் பெயரும் அந்த இணைப்பும் இருக்கட்டும். குடும்பக் குழுக்களில் அது கைமாறிப் போகும்போது, நம்மிடம் எண்ணைக் கொடுக்காதவரும் திரும்பி வர அது ஒன்றே வழி.

தருமபுரியிலிருந்து, தொகுப்பாளர்:

கையேட்டில் இப்போதைக்கு 'முன்கொசுறு' என்று எழுதி, 'எண்ணோ மின்னஞ்சலோ பெற்றுக்கொண்டு கொடுப்பது' என்ற விளக்கத்தை அருகிலேயே சேர்க்கிறேன். ஓசூர் நண்பருக்கு இதில் உடன்பாடில்லை என்பதை அறிவேன். அச்சுக்குப் போகுமுன் 'தொடர்பீட்டி'யைவிடக் காதுக்கு இதமான மாற்றை அவர் அனுப்பினால் மீண்டும் பேசலாம். அடுத்த இயலுக்கு, பட்டியலை வாங்கிக்கொண்டு உடனே நம் எண்ணைத் தடை செய்துவிடுபவருக்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது.