வழியில் போனில் பேசிப் பதிந்து வைத்ததை இரவில் கேட்டுப் பிரிக்கிறவர்கள் உண்டா? உங்கள் அனுபவம் என்ன?

மின்வேலைக்காரன்

மதுரையில் வீடுகளுக்கு வயரிங் ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். ஒரே நாளில் நான்கைந்து கட்டடங்களுக்குப் போக வேண்டியிருக்கும். கொத்தனார் ஒன்று சொல்வார், வீட்டுக்காரர் ஒன்று சொல்வார், வேனில் ஏறி உட்காருவதற்குள் பாதி பறந்துவிடும். அதனால் ஒன்றரை ஆண்டாக வாட்ஸ்அப்பில் எனக்கு நானே குரல் பதிவு அனுப்பிக்கொள்கிறேன். இரவு சாப்பிட்டபின் டைரியை விரித்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவேன்.

போன மாதம் இதில் நன்றாக அடி வாங்கினேன். அன்றைய பதிவு ஒன்று இப்படி இருந்தது: “சமையலறை சுவிட்ச் பெட்டியை நான்கு அங்குலம் ஏற்ற வேண்டும், மேடை உயரம் மாறிவிட்டது.” அன்று திருநகரிலும் கே.கே. நகரிலும் சமையலறை வேலை நடந்துகொண்டிருந்தது. இடத்தின் பெயரைச் சொல்லித்தான் பேசத் தொடங்கினேன் என்று சத்தியம் செய்வேன். ஆனால் பதிவில் பெயர் இல்லை. தூக்கக் கலக்கத்தில் கே.கே. நகர் என்று எழுதிவிட்டேன். மறுநாள் பையன் சுவரை வெட்டிப் பெட்டியை ஏற்றிவிட்டான். மாறியது திருநகர் மேடை. இரண்டு வீட்டுச் சுவரும் போயிற்று, பூச்சு மேஸ்திரிக்கு அரை நாள் கூலியும் என் கையிலிருந்து போயிற்று.

உங்களில் யாருக்காவது இப்படி முதல் சொல் காணாமல் போனதுண்டா?

மாலைநடை

பள்ளி ஆசிரியை நான். மாலையில் ஏரிக்கரையில் நடக்கும்போது மறுநாள் வேலைகளைப் பேசி வைப்பேன். தனியாகப் பேசிக்கொண்டு போகிறாள் என்று ஊர் பார்க்கும் என்பதால், போனைக் காதில் வைத்து யாரிடமோ பேசுவதுபோல் நடிப்பேன். ஒருமுறை எதிரே வந்த சித்தி, “யாரிடம்மா, என் பெண்ணிடமா? இப்படிக் கொடு” என்று கையை நீட்டிவிட்டார்!

கேட்டு எழுதச் சோம்பல் வந்து, பேசினால் எழுத்தாக மாற்றும் வசதிக்கு மாறினேன். தமிழ் மட்டும் பேசினால் பரவாயில்லை. ஆட்களின் பெயர்களைத்தான் கடித்துத் துப்பிவிடுகிறது. “மலர்விழி நோட்டு” என்று சொன்னது “மலர் வழி நாட்டு” என்று வந்திருந்தது. நாட்டுப் பூ எதற்கு என்று இரவில் ஐந்து நிமிடம் யோசித்தேன். இப்போது எழுத்தோடு குரலையும் சேர்த்து வைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை

குரல் பதிவு என்றாலே எனக்கு எரிச்சல். எங்கள் கடைப் பையன் நான்கு நிமிடத்துக்கு அனுப்புகிறான். கடைசி பத்து விநாடியில்தான், “நாளை லீவு” என்று வருகிறது. எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள் ஐயா.

மின்வேலைக்காரன்

அண்ணே, இது அடுத்தவருக்கு அனுப்புவது இல்லை, நமக்கு நாமே வைத்துக்கொள்வது. ஆனாலும் நீங்கள் சொன்னது எனக்கும் பொருந்தும். என் பழைய பதிவுகளில் வேலை கடைசியில்தான் வரும், அதற்கு முன்னால் முழுக்கப் புலம்பல்.

செவ்வந்தி

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மின்வேலைக்காரரே, ப்ளூடூத் இயர்போனில்தானே பதிவு செய்தீர்கள்? பாட்டு கேட்கும்போது அதன் மைக் மூடியிருக்கும். பதிவு பொத்தானை அழுத்தியபின்தான் மைக் பக்கம் மாறும். அந்த மாற்றத்துக்குச் சில கருவிகள் ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளும். நீங்கள் பொத்தானை அழுத்தியதும் “திருநகர்” என்றிருப்பீர்கள். அது அந்த இடைவெளியில் விழுந்திருக்கும்.

சோதிப்பது எளிது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பதிவைத் தொடங்கி, உடனே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். எந்த எண்ணிலிருந்து கேட்கிறது என்று பாருங்கள். போனின் சொந்த மைக்கில் இந்தக் குறை பெரும்பாலும் இருக்காது. இயர்போனை விட முடியாதென்றால் இடத்தின் பெயரை முதலில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை

மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி நான், தினமும் காரில்தான் வாழ்க்கை. கையில் போன் பிடித்தால்தான் தவறு. ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பேசினால் ஓர் ஆபத்தும் இல்லை, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலத்தான். நான் 80 கிலோமீட்டர் வேகத்திலும் பேசி வைக்கிறேன்.

செவ்வந்தி

சட்டம் பற்றிச் சொன்னது சரி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு கையில் பிடித்துப் பயன்படுத்துவதைத்தான் குறிப்பிடுகிறது. ஆபத்தே இல்லை என்பதுதான் இடிக்கிறது. அமெரிக்காவில் ஏஏஏ சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு 2015இல் வந்தது. சில கார்களின் குரல் வசதியில் பேசி முடித்த பிறகும் 27 விநாடி வரை ஓட்டுநரின் கவனம் முழுதாகத் திரும்பவில்லை என்று கண்டார்கள். 40 கிலோமீட்டர் வேகத்திலேயே அது 300 மீட்டர். உங்கள் 80இல் இரட்டிப்பு. பக்கத்தில் இருப்பவர் எதிரே லாரி வந்தால் தானாகப் பேச்சை நிறுத்துவார், பதிவுப் பொத்தான் நிறுத்தாது.

நெடுஞ்சாலை

அவர்கள் சோதித்தது மெனு மெனுவாகப் போகும் பழைய கார்க் கருவிகளாக இருக்கும். ஒற்றைப் பொத்தானுக்கு அவ்வளவு ஆகுமா? எனக்கு இன்னும் ஒப்பவில்லை. இருந்தாலும் ஊருக்குள் பேசுவதை நிறுத்திப் பார்க்கிறேன்.

மின்வேலைக்காரன்

எண்ணிப் பார்த்தேன். “இரண்டு” பாதியிலிருந்துதான் கேட்கிறது! அரை நாள் கூலி போன இடம் தெரிந்துவிட்டது. இப்போது வேனைக் கிளப்புவதற்கு முன்பே, கட்டட வாசலில் நின்று, போனிலேயே பேசிவிடுகிறேன். வழியில் நினைவு வந்தால் சிக்னலில்கூட இல்லை, ஓரம் கட்டித்தான்.

இரவில் எப்படிப் பிரிக்கிறேன் என்று சொல்கிறேன். நேற்று 11 பதிவுகள், எல்லாமே பதினைந்து விநாடிக்குள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விட்டால் இரண்டு நிமிடத்துக்குள் கேட்டுவிடலாம், எழுதத்தான் கால் மணி நேரம். முதலில் தேதி கட்டியவை. வெள்ளிக்கிழமை திருநகரில் கூரை காங்கிரீட். அதற்குள் ஃபேன் பெட்டிகளை எண்ணி, குழாய்களின் வாயை அடைத்தாக வேண்டும், ஏனென்றால் காங்கிரீட் விழுந்தபின் ஒன்றும் செய்ய முடியாது. அது வியாழன் பக்கத்துக்குப் போயிற்று. கடையில் வாங்க வேண்டியவை மூன்று, தனித் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். இரண்டு, வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை. நான்கு அன்றே முடிந்துபோனவை, அடித்துவிட்டேன்.

மிச்சம் ஒன்று, “அந்த ஆளிடம் சொல்ல வேண்டும்.” எந்த ஆள், என்ன சொல்ல? பதிவின் நேரம் காலை 10.40. பின்னால் ரயில் ஹாரன் கேட்டது. அந்த நேரத்தில் நான் ரயில்வே கேட்டில் மாட்டியிருந்தேன், அதற்கு முன் பார்த்தது எர்த் குழி தோண்டுகிறவரை. அப்போதுதான் பிடிபட்டது: குழி அஸ்திவாரத்துக்கு மிகவும் ஒட்டி வருகிறது, தள்ளித் தோண்டச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை கேட்டிருந்தால் இந்த நூல் முனை கிடைத்திருக்காது. போன வாரம் கல்யாணத்துக்குப் போய் மூன்று இரவு விட்டுவிட்டேன், 38 பதிவுகள் சேர்ந்தன. அவற்றில் ஆறு எதைப் பற்றியவை என்று இதுவரை தெரியவில்லை.

மாலைநடை

எழுதி முடித்ததும் பதிவுகளை அழித்துவிடுவீர்களா, வைத்திருப்பீர்களா? நான் அழிக்காமல் விட்டுவிட்டு, எது எழுதியது எது எழுதாதது என்று தெரியாமல் தவிக்கிறேன்.

மின்வேலைக்காரன்

ஒரு மாதம் அழித்தேன். வீட்டுக்காரர் ஒருவர், “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்றார். அன்றிலிருந்து அழிப்பதில்லை, எழுதியதற்கு ஒரு டிக் குறி போட்டு வைக்கிறேன். ஆனால் அந்தப் பதிவில் இருப்பது என் குரல்தானே, அவர் குரல் இல்லையே. அதைக் காட்டி என்ன வாதாட முடியும் என்றும் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை

எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் முதலிலேயே சொன்னேன்.