நோக்கம், கருதுகோள், விளைவு: மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதினால் என்ன தப்பு?

வேர்த்தூவி:
என் ஆய்வு முன்மொழிவு திரும்பி வந்துவிட்டது. மதிப்பீட்டாளர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "நோக்கம் எது, கருதுகோள் எது, கிடைக்கப்போவது எது என்று பிரித்தறிய முடியவில்லை." அவர் சுட்டிய பத்தி இது:

"நோக்கம் 1: ஏசிசி டிஅமினேஸ் நொதி கொண்ட வேர்மண்டல பாக்டீரியா எத்திலீனைக் குறைத்துத் தக்காளியின் வறட்சி தாங்கும் திறனைக் கூட்டுகிறது என்று நிரூபித்து, அதன்மூலம் விவசாயிகளுக்கு ஏற்ற உயிர் உரத்தை உருவாக்குதல்."

எனக்கு இது தெளிவாகத்தான் படுகிறது. இதை எப்படிப் பிரிப்பது? நோக்கங்கள் பகுதி மொத்தமும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும்.

அளவுகோல்:
சிக்கலே "நிரூபித்து" என்ற சொல்தான். எந்த மதிப்பீட்டாளருக்கும் அது பிடிக்காது. அதை "ஆராய்தல்" என்று மாற்றுங்கள். அப்புறம் மூன்று நெடுவரிசை வைத்து ஓர் அட்டவணை போடுங்கள். முதல் நெடுவரிசையில் "-தல்" என்று முடியும் நோக்கம், இரண்டாவதில் முழு வாக்கியமாகக் கருதுகோள், மூன்றாவதில் எத்தனை கட்டுரை, எத்தனை முனைவர் பட்டம் என்ற விளைவு. அரை மணி நேர வேலை.

சிவப்பு மை:
"நிரூபித்து" போக வேண்டும் என்பதில் அளவுகோலோடு உடன்படுகிறேன். மற்றதில் இல்லை. அந்த வாக்கியத்தை அப்படியே வெட்டி மூன்று கட்டத்தில் போட்டால் குழப்பம் மூன்று கட்டத்துக்கும் பரவும், அவ்வளவுதான். "ஆராய்தல்" இன்னும் மோசம். ஆராய்ந்து முடித்துவிட்டோம் என்று எந்த நாளில் சொல்வீர்கள்? அதற்கு முடிவே கிடையாது.

நான் பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட விண்ணப்பங்களை மதிப்பிட்டு வருகிறேன். கையில் எடுத்ததும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. கருதுகோள் பொய்த்துவிட்டது என்று வைத்துக்கொண்டு நோக்கத்தைத் திரும்பப் படிப்பேன். நோக்கமும் கூடவே விழுந்துவிட்டால், இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். வேர்த்தூவியின் பத்தியில் எத்திலீன் குறையவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "குறைக்கிறது என்று நிரூபித்தல்" என்ற நோக்கம் அங்கேயே செத்துப்போகிறது. பதில் எந்தப் பக்கம் வந்தாலும் நோக்கம் நிறைவேற வேண்டும்.

இனி அந்த வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் குறைந்தால் செடியில் ஏசிசி பெருகும், அதிலிருந்து எத்திலீன் பெருகும், வேர் வளர்ச்சி தடைபடும். பாக்டீரியாவின் நொதி ஏசிசியை உடைத்துவிடுகிறது என்பது உங்கள் வாதம். ஆனால் வேர்மண்டல பாக்டீரியாக்களில் பல, ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியையும் சுரக்கும். சில பிசின் போன்ற சர்க்கரைப் பொருளை வெளியிட்டு வேரைச் சுற்றி ஈரத்தைப் பிடித்துவைக்கும். வேர் நீண்டதற்கு இவற்றில் எது காரணம்? உங்கள் வாக்கியம் எத்திலீன்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் வழக்கையே தொடங்குகிறது. நான் இப்படி எழுதுவேன்:

"நோக்கம் 1: நீர் குறைந்த மண்ணில் தக்காளி வேரின் வளர்ச்சியில் பாக்டீரியாவின் ஏசிசி டிஅமினேஸ் நொதிக்கு உள்ள பங்கைத் தீர்மானித்தல்.

கருதுகோள்: நொதி ஏசிசியைச் சிதைத்து எத்திலீனைக் குறைப்பதே வேர் நீளக் காரணம். அப்படியானால் நொதியின் மரபணு நீக்கப்பட்ட பாக்டீரியா திரிபைப் பெற்ற செடிகளின் வேர், பாக்டீரியாவே பெறாத செடிகளின் வேர் அளவுக்குத்தான் இருக்கும். மரபணுவைத் திருப்பிச் சேர்த்த திரிபில் நீளம் மீளும்."

நோக்கத்தில் திசை இல்லை. திசை முழுவதும் கருதுகோளில் இருக்கிறது, எந்த முடிவு வந்தால் அது தவறு என்பதும் அதிலேயே தெரிகிறது.

திட்டக்கணக்கு:
இங்கே எல்லோரும் விளைவை விட்டுவிட்டீர்கள். நான் சமூக மேம்பாட்டுத் திட்டங்களுக்கு விண்ணப்பம் எழுதுகிறவன். எங்கள் வழக்கில் பயிற்சி நடத்தியது வெளியீடு, அதனால் மக்கள் நடைமுறை மாறியது விளைவு, பல ஆண்டு கழித்து வாழ்க்கை மாறியது தாக்கம். அந்தக் கணக்கில் "விவசாயிகளுக்கு உயிர் உரம்" சரியான விளைவுதான். அதை எடுத்தால் நிதி தருபவர் இதனால் யாருக்கு லாபம் என்று கேட்பார். ஒரு முறை அதை எழுதாமல் விட்டதால் எங்கள் விண்ணப்பம் ஒன்று முதல் சுற்றிலேயே போனது.

சிவப்பு மை:
நீங்கள் சொல்வது வேறு வகை விண்ணப்பம். அங்கே "விளைவு" என்றால் மக்களிடம் ஏற்படும் மாற்றம். ஆய்வு விண்ணப்பத்தில் அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும், வேலை முடிந்ததும் நம் கையில் இருக்கப்போகும் அறிவு அல்லது பொருள் என்றுதான் பொருள். ஒரே சொல்லை இரண்டு உலகமும் வேறு வேறாகப் புழங்குவதால், நிதி அறிவிப்பில் அதை எப்படி விளக்கியிருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

ஆனால் உங்கள் பாகுபாட்டில் ஒன்று இங்கே உதவும். தொட்டிச் சோதனையிலிருந்து உயிர் உரம் வராது. நடுவில் வயல் சோதனை, நீண்ட நாள் கெடாமல் வைக்கும் வழி, பதிவு என்று எத்தனையோ இருக்கின்றன. ஆகவே உயிர் உரம் உங்கள் சொல்லில் தாக்கம். பக்கத்தின் கடைசிப் பத்தியில் ஒரே வாக்கியமாக அதற்கு இடம் கொடுக்கலாம். நோக்கம் 1-க்குள் மட்டும் வேண்டாம்.

வேர்த்தூவி:
நன்றி சார். விளைவையும் சேர்த்து எழுதிப் பார்த்தேன்:

"எதிர்பார்க்கும் விளைவு: மரபணு நீக்கப்பட்ட திரிபைப் பெற்ற செடிகளில் வேர் குட்டையாக இருக்கும், இயல்பான திரிபில் வேர் நீளும், எத்திலீன் குறையும்."

சரியா?

சிவப்பு மை:
இல்லை. இது கருதுகோளின் இரண்டாவது வாக்கியத்தையே திரும்பச் சொல்கிறது. பத்தில் எட்டுப் பேர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். தலைப்பில் "எதிர்பார்க்கும்" என்று இருப்பதால், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோமோ அதை எழுதிவிடுகிறோம். அது கணிப்பு. கணிப்பின் இடம் கருதுகோள்.

விளைவு என்பது, முடிவு எப்படி வந்தாலும் உங்களிடம் என்ன இருக்கும் என்பது. உங்கள் சோதனையில் நான்கு வகைத் தொட்டி: இயல்பான திரிபு, மரபணு நீக்கிய திரிபு, திருப்பிச் சேர்த்த திரிபு, பாக்டீரியா இல்லாதது. ஒவ்வொன்றும் நல்ல ஈரத்திலும் வறட்சியிலும். ஆக எட்டுக் குழு. இதிலிருந்து கிடைப்பதைச் சொல்லுங்கள்:

"விளைவு: வறட்சியில் வேர் நீட்சியில் இந்த நொதியால் வரும் பங்கையும் மற்ற வழிகளால் வரும் பங்கையும் பிரித்துக் காட்டும் அளவீடு. மரபணு நீக்கிய திரிபும் வேரை நீட்டினால், ஆக்சின் வழியைச் சோதிக்க அதே செடி மாதிரிகள் பயன்படும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கருதுகோள் தோற்றாலும் பணம் வீணாகாது என்று மதிப்பீட்டாளருக்கு அதுதான் காட்டும்.

கண்ணி:
இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தேன். எல்லா நோக்கத்துக்கும் ஒரு கருதுகோள் கட்டாயம் என்பது போலப் பேசுகிறீர்கள். வேர்த்தூவி, உங்கள் இரண்டாவது நோக்கம் என்ன?

வேர்த்தூவி:
வறண்ட நிலங்களின் மண்ணிலிருந்து 200 திரிபுகளைப் பிரித்தெடுத்து, நொதி உள்ளவற்றைக் கண்டுபிடிப்பது. அதற்குக் கருதுகோள்: "வறண்ட மண்ணில் ஏசிசி டிஅமினேஸ் உள்ள பாக்டீரியா இருக்கும்."

கண்ணி:
பார்த்தீர்களா, இதைத்தான் சொல்ல வந்தேன். இது கருதுகோளே இல்லை. இந்த நொதி மண் பாக்டீரியாக்களில் பரவலாக இருப்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். பொய்க்க வாய்ப்பில்லாததை எழுதிக் கட்டத்தை நிரப்பியிருக்கிறீர்கள். சலித்தெடுக்கும் வேலைக்குச் சலித்தெடுக்கும் வேலை என்றே பெயர் வைக்கலாம். கருதுகோள் வேஷம் போட்டால் உண்மையான கருதுகோளின் மதிப்பும் சேர்ந்து குறைகிறது.

அளவுகோல்:
அப்படி விட்டால் "வலை வீசி மீன் பிடிக்கிறார்கள்" என்று எழுதுவார்களே! என் விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதினார்கள். எதையாவது போட்டுவைப்பது பாதுகாப்பு.

சிவப்பு மை:
கண்ணி சொல்வதைப் பெரும்பகுதி ஏற்கிறேன். ஆனால் கருதுகோளை எடுத்த இடத்தை வெறுமையாக விடக்கூடாது. அங்கே தேர்வு விதி வர வேண்டும். ஏசிசி மட்டுமே நைட்ரஜன் மூலமாக இருக்கும் ஊடகத்தில் வளர்பவை முதல் சுற்றில் தேறும். அவற்றில் நொதியின் வேகத்தை அளந்து, முன்கூட்டியே எழுதிவைத்த அளவுக்கு மேல் உள்ளவை இரண்டாம் சுற்றுக்குப் போகும். விளைவு, இயல்பு பதிவான ஒரு திரிபுத் தொகுப்பு. வலை வீசுகிறார்கள் என்ற புகார் வருவது எந்த மீனை வைத்துக்கொள்வீர்கள் என்று சொல்லாதபோதுதான்.

வேண்டுமானால் உண்மையான கருதுகோளும் இருக்கிறது. வறண்ட நில மண்ணில் இந்த நொதியுள்ள திரிபுகளின் விகிதம் ஈர நில மண்ணைவிட அதிகம் என்பது பொய்க்கக்கூடியது. ஆனால் அதற்கு ஈர நில மாதிரியும் எடுக்க வேண்டும். வேலை இரட்டிப்பாகும்.

கண்ணி:
அதற்காக மாதிரி எடுக்கப் போனால், எழுத்துக்காக ஆய்வையே மாற்றியதாக ஆகும். நான் செய்ய மாட்டேன்.

சிவப்பு மை:
எழுதும்போதுதான் ஆய்வில் உள்ள ஓட்டை தெரிகிறது என்றால் மாற்றுவதில் என்ன குற்றம்? இதில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள்.

வேர்த்தூவி, இன்னொன்று. இரண்டாம் நோக்கத்தில் கிடைக்கும் திரிபுகளை வைத்துத்தான் முதல் நோக்கத்தைச் செய்யப்போகிறீர்களா?

வேர்த்தூவி:
இல்லை சார். முதல் நோக்கத்துக்குத் திரிபு ஏற்கெனவே இருக்கிறது. மரபணு நீக்கியதும் தயார். முதற்கட்டமாக ஒவ்வொரு வகைக்கும் ஆறு தொட்டி வைத்துப் பார்த்ததில், வறட்சியில் இயல்பான திரிபு பெற்ற வேர் சராசரியாகக் கால் பங்கு நீளம் கூடியது. அந்த எண்ணைக் கருதுகோளில் போடலாமா?

அளவுகோல்:
போடுங்கள். "குறைந்தது 25 சதவீதம்" என்று எழுதினால் துல்லியமாகத் தெரியும்.

கண்ணி:
ஆறு தொட்டியிலா? உண்மையான வித்தியாசம் 15 ஆக வந்தால் உங்கள் கருதுகோள் பொய் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகும். உங்கள் வாதம் நொதிதான் காரணம் என்பது. எவ்வளவு என்பது அந்த வாதத்தில் இல்லை.

சிவப்பு மை:
இதில் நான் கண்ணியின் பக்கம். அந்த எண், எத்தனை தொட்டி வேண்டும் என்று கணக்கிடும் செய்முறைப் பகுதிக்குப் போகட்டும். ஆனால் மருத்துவச் சோதனை போன்ற துறைகளில், எவ்வளவு வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கது என்பதை முன்னாலேயே கேட்பார்கள். அங்கே அளவுகோல் சொல்வது பொருந்தும்.

வேர்த்தூவி:
திருத்தி எழுதிவிட்டேன். இப்போது பக்கத்துக்கு வெளியே ஆறு வரி நீள்கிறது. விளைவுகளை ஒவ்வொரு நோக்கத்தின் கீழும் வைக்காமல் எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசியில் ஒரே பத்தியாக வைத்தால் நான்கு வரி மிச்சமாகிறது. வைக்கலாமா?

கண்ணி:
வைக்கலாம். படிப்பவர் கடைசிப் பத்தியைக் கட்டாயம் பார்ப்பார்.

சிவப்பு மை:
நான் வைக்க மாட்டேன். பிரித்து எழுதியதை மறுபடி ஒரே மூட்டையாகக் கட்டுவது போலாகும். அதற்குப் பதில் பின்னணிப் பத்தியில், வறட்சி உலகப் பிரச்சினை என்று தொடங்கும் முதல் ஐந்து வரியை எடுங்கள்.

வேர்த்தூவி:
அந்த ஐந்து வரியை எழுதத்தான் இரண்டு நாள் ஆனது. சரி, எடுத்துவிடுகிறேன். மீதி ஒரு வரி எங்கே என்று தேடுகிறேன்.