"பூவுக்கு முறை வந்துவிட்டது" என்னும் எண்ணத்துக்கு ஒரு கலைச்சொல் வேண்டும்

கணித ஆசிரியர், களுவாஞ்சிக்குடி:

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

தரம் 11 தவணைப் பரீட்சையில் நான் கேட்ட வினா இது: கோடாத நாணயம் ஒன்று ஐந்து முறை சுண்டப்பட்டு ஐந்து முறையும் தலையே விழுந்தது, ஆறாம் முறை பூ விழுவதற்கான நிகழ்தகவு யாது? மாணவி ஒருவர் 63/64 என்று விடை எழுதியிருந்தார். நான் புள்ளி வழங்கவில்லை. ஆறு முறையும் தொடர்ந்து தலை விழுவது 64இல் ஒரு வாய்ப்பு என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கும்போது, மிகுதி 63 வாய்ப்பும் பூவுக்குத்தானே உரியது என்று அவருடைய தந்தையார் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு அனுப்ப நான் எழுதியுள்ள பதிலைக் கீழே தருகிறேன்.

"அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஆறு முறையும் தலை விழுவதன் நிகழ்தகவு 1/64 என்று தாங்கள் கணித்திருப்பது சரியே. ஆனால் அது முதலாவது சுண்டலுக்கு முன்னர் கேட்கப்படும் கேள்விக்குரிய விடை. பரீட்சையில் கேட்கப்பட்டதோ ஐந்து சுண்டல்கள் முடிந்த பின்னர் எழும் கேள்வி.

ஒரு நாணயத்தை ஆறு முறை சுண்டினால் தலையும் பூவும் விழக்கூடிய வரிசைகள் மொத்தம் 64. அவை ஒவ்வொன்றும் சம வாய்ப்புடையவை. அவற்றுள் ஒன்றில் மட்டுமே ஆறும் தலை. தாங்கள் குறிப்பிடும் மிகுதி 63 வரிசைகளில் எங்கேனும் ஒரு பூவாவது இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பூ ஆறாம் இடத்தில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இவற்றுள் 62 வரிசைகளில் முதல் ஐந்து இடங்களுக்குள்ளேயே ஒரு பூ வந்துவிடுகிறது. ஐந்தும் தலையாக விழுந்துவிட்டன என்று வினா சொல்லும்போதே அந்த 62 வரிசைகளும் விலகிவிடுகின்றன. எஞ்சுபவை இரண்டு மட்டுமே: தலை தலை தலை தலை தலை தலை, தலை தலை தலை தலை தலை பூ. தங்கள் மகளிடம் 64 வரிசைகளையும் ஒரு தாளில் எழுதி, ஐந்து தலையுடன் தொடங்காதவற்றை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டப்படாமல் நிற்கும் இரண்டும் சம வாய்ப்புடையவை என்பதால் விடை 1/2 ஆகும்.

ஐந்து தலையும் அதன் பின் ஒரு பூவும் விழும் வரிசை எவ்வளவு அரிதோ, ஐந்து தலையும் அதன் பின் இன்னொரு தலையும் விழும் வரிசையும் அவ்வளவே அரிது. அரிதாக இருந்தது அந்த ஐந்து தலைகள். அவை ஏற்கெனவே விழுந்துவிட்டன."

இந்த மயக்கத்தை ஆங்கிலத்தில் சூதாடியின் பெயரால் அழைக்கிறார்கள். நானும் வகுப்பில் 'சூதாடி மயக்கம்' என்றே சொல்லி வந்தேன். ஆனால் ஒரு தந்தைக்கு, அதுவும் தன் பிள்ளைக்காக வாதாடும் தந்தைக்கு எழுதும் கடிதத்தில் அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பொருத்தமான சொல் ஒன்று சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற அதிபர், மட்டக்களப்பு:

அன்புடையீர், சூதாடி என்ற பெயருக்குக் காரணம் உண்டு. 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் திகதி மொன்ரே கார்லோ சூதாட்ட மண்டபத்தில் சக்கரத்துப் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்ததாகவும், சிவப்புக்கு முறை வந்துவிட்டது என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் பெரும் தொகையை இழந்ததாகவும் படித்திருக்கிறேன். ஆகவே 'மொன்ரே கார்லோ மயக்கம்' என்று வைத்தால் எவரையும் புண்படுத்தாது.

எனினும் தந்தையாரின் பக்கமும் சிறிது நியாயம் உண்டென்றே நினைக்கிறேன். நெடுந்தூரம் சுண்டிக்கொண்டே போனால் தலையும் பூவும் சரிபாதியை நெருங்கும் என்பது நிறுவப்பட்ட தேற்றம். ஐந்து தலை கூடுதலாக விழுந்திருந்தால், அதைச் சமப்படுத்த எப்போதாவது பூ கூடுதலாக விழுந்துதானே ஆகவேண்டும்? அடுத்த சுண்டலிலேயே என்று சொல்ல முடியாது என்பதே நான் அறிந்த வேறுபாடு.

சங்கத் தலைவி, காரைதீவு:

வணக்கம். எனக்குக் கணிதம் அதிகம் தெரியாது. ஆனால் இந்த விடயத்தில் கணித சேர் சொல்வதை ஏற்க முடியவில்லை. எங்கள் மாதர் சங்கத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து சீட்டுப் போடுகிறோம். மாதம் ஒரு முறை பெயர்களைச் சுருட்டிப் போத்தலுக்குள் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்போம். பெயர் வந்தவருக்கு அந்த மாதப் பணம் முழுவதும் போகும், அவருடைய துண்டை மறுபடியும் போடமாட்டோம். ஒன்பது மாதமாகப் பெயர் வராதவருக்கு வாய்ப்புக் கூடித்தானே போகிறது? முறை வருவது என்பது பொய்யென்றால், இது என்ன?

புள்ளிவிபரவியல் விரிவுரையாளர், வந்தாறுமூலை:

காரைதீவுச் சகோதரியின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இந்த மயக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. உங்கள் சீட்டில் முறை வருவது பொய்யல்ல. முதல் மாதம் ஒருவருக்கு 12இல் ஒரு வாய்ப்பு. ஒன்பது பெயர்கள் போன பின் மிஞ்சிய மூவரில் ஒருவருக்கு 3இல் ஒரு வாய்ப்பு. கடைசி மாதத்தில் நிச்சயம். எடுத்த துண்டைத் திரும்பப் போடாததால் போத்தலுக்குள் இருப்பது மாதந்தோறும் மாறுகிறது; நடந்து முடிந்ததைப் போத்தல் தன் உள்ளடக்கத்திலேயே வைத்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் எடுத்த துண்டை மீண்டும் உள்ளே போட்டுக் குலுக்கினால் நிலைமை வேறு: ஒன்பது மாதம் வராதவருக்கும் சென்ற மாதம் வந்தவருக்கும் அதே 12இல் ஒன்று. நாணயம் இந்த இரண்டாம் வகை. ஐந்து தலை விழுந்ததால் அதில் ஒரு தலை குறைந்துவிடவில்லை. அடுத்த சுண்டலுக்கும் அதே இரு பக்கங்கள்தான். தலையில் சில செலவாகிவிட்டன, பூ மிச்சம் இருக்கிறது என்று நாணயத்தைப் போத்தலாகக் கருதுவதே மயக்கம்.

அதிபர் அவர்களுக்கு: நீங்கள் குறிப்பிட்ட தேற்றம், அதாவது பேர்னூலி என்ற கணித அறிஞர் இறந்த பின் 1713இல் வெளியான அவரது நூலில் நிறுவப்பட்டது, விகிதத்தைப் பற்றியதே அன்றி எண்ணிக்கை வேறுபாட்டைப் பற்றியது அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டென்மார்க்கில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஜோன் கெரிச் என்ற கணித அறிஞர் ஒரு நாணயத்தைப் பத்தாயிரம் முறை சுண்டிக் குறித்து வைத்தார். முதல் 100 சுண்டலில் 44 தலை. 10,000 சுண்டலின் முடிவில் 5,067 தலை. விகிதம் 44 வீதத்திலிருந்து 50.67 வீதத்துக்கு வந்து பாதியை நெருங்கிவிட்டது. ஆனால் பாதியிலிருந்து எத்தனை தலை விலகியிருக்கிறது என்று பாருங்கள்: தொடக்கத்தில் 6 குறைவு, முடிவில் 67 கூடுதல். எண்ணிக்கையில் விலகல் வளர்ந்திருக்கும்போதே விகிதம் நெருங்குகிறது. ஐந்து தலை மிகையாக விழுந்த பின் அடுத்த 10,000 சுண்டலும் சரிபாதியாக வந்தாலும் அந்த மிகை ஐந்தும் அப்படியே இருக்கும். பத்தாயிரத்துக்குள் ஐந்து கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எந்தப் பூவும் அதை ஈடுகட்ட வரவேண்டியதில்லை.

சொல்லைப் பற்றி: மொன்ரே கார்லோ என்பது புள்ளிவிபரவியலில் எழுமாற்று எண்களைக் கொண்டு கணிக்கும் முறை ஒன்றுக்கு ஏற்கெனவே பெயராகிவிட்டது, மாணவர் பின்னர் குழம்புவர். 'பூ பாக்கி நிற்கிறது, கொடுத்தே ஆகவேண்டும்' என்ற எண்ணம்தான் இங்கே கரு. ஆகவே 'நிலுவை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். உயர்தர அளவையியல் பாடத்தில் தவறான நியாயங்களைப் 'போலி' என்றே கற்பிக்கிறோம். இரண்டையும் சேர்த்து 'நிலுவைப் போலி' என்று முன்மொழிகிறேன்.

வணிகக் கல்வி ஆசிரியை, அக்கரைப்பற்று:

'நிலுவைப் போலி' என்று ஒரு கணக்கீட்டு மாணவரிடம் சொன்னால், யாரோ பொய்யாக எழுதிய நிலுவைக் கணக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார். அளவையியல் படித்தவர்கள் வகுப்பில் மிகச் சிலர். கணிதம் எல்லோருக்கும் உரியது. 'நிலுவை' நன்று, 'போலி' வேண்டாம். 'நிலுவை மயக்கம்' என்றால் மயங்குபவர் மனிதர் என்பது தெளிவாகத் தெரிகிறது. எங்கள் பகுதிப் பெற்றோரிடம் சூதாடி என்ற சொல்லைப் பயன்படுத்தவே கூடாது என்பதில் களுவாஞ்சிக்குடி ஆசிரியருடன் முழுமையாக உடன்படுகிறேன். சூது எங்களுக்கு விலக்கப்பட்டது, அதன் பெயரே கடிதத்துக்குள் வந்தால் மிகுதியை யாரும் வாசிக்கமாட்டார்கள்.

ஓய்வுபெற்ற அதிபர், மட்டக்களப்பு:

விரிவுரையாளரின் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். மற்றொரு ஐயம்: ஐந்து முறை தலையே விழுந்தால் அந்த நாணயக் குற்றியிலேயே ஏதோ கோளாறு என்று சந்தேகிப்பதல்லவா அறிவு?

புள்ளிவிபரவியல் விரிவுரையாளர், வந்தாறுமூலை:

ஐயா, அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் அது பூவின் பக்கம் அல்ல, தலையின் பக்கமே சாய்க்கும். ஆயிரம் குற்றிகளில் ஒன்று இருபுறமும் தலையுள்ளது என்றும், எழுமாற்றாக எடுத்த ஒரு குற்றியில் பத்து முறை தொடர்ந்து தலை விழுந்தது என்றும் வைத்துக்கொள்வோம். 999 நல்ல குற்றிகளில் அப்படி விழக்கூடியது சராசரியாக ஏறத்தாழ ஒன்று. கள்ளக் குற்றியும் ஒன்று. ஆகவே உங்கள் கையிலிருப்பது கள்ளக் குற்றி என்பதற்கு ஏறத்தாழ அரைவாசி வாய்ப்பு. அடுத்தது தலையாக இருக்க நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு. ஐந்து முறை மட்டுமென்றால் அந்தச் சந்தேகம் 3 வீதமளவிலேயே நிற்கும். எப்படியாயினும் தந்தையார் சொல்லும் திசை இதிலிருந்து கிடைக்காது. வினாவில் 'கோடாத' என்ற சொல் இருப்பதால் பரீட்சையில் இந்த ஐயத்துக்கு இடமில்லை.

'போலி' என்பதில் நான் இன்னும் பின்வாங்கவில்லை. 'மயக்கம்' என்றால் கண்மயக்கம், மருந்து மயக்கம் எல்லாம் வந்து சேரும். தவிர, தலை தொடர்ந்து விழுவதால் இனியும் தலையே விழும் என்று நம்புவது இதற்கு எதிரான மற்றொரு தவறு. அதற்கும் ஒரு பெயர் வேண்டும். இரண்டும் ஒரே ஈற்றைக் கொண்டிருக்கவேண்டும். 'தொடர்ச்சிப் போலி' என்பது நிற்கிறது. 'தொடர்ச்சி மயக்கம்' என்றால் ஒருவர் நாள்முழுவதும் மயங்கிக் கிடப்பது போல் இருக்கிறது.

கணித ஆசிரியர், களுவாஞ்சிக்குடி:

அனைவருக்கும் நன்றி. கடிதத்தில் இப்போதைக்குக் கலைச்சொல் எதையும் வைக்கவில்லை. 'பூவுக்கு முறை வந்துவிட்டது என்ற எண்ணம்' என்றே எழுதிவிட்டேன், தந்தையாருக்கு அது போதும். காரைதீவுச் சகோதரியின் சீட்டை அவர் அனுமதியுடன் கடிதத்தில் ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறேன்: துண்டைத் திரும்பப் போடாத சீட்டில் மகளின் எண்ணம் சரியாகும், நாணயத்தில் சரியாகாது என்று. வகுப்பில் 'நிலுவை' வரைக்கும் கரும்பலகையில் எழுதுவேன். 'போலி'யா 'மயக்க'மா என்பதை அடுத்த தவணைக்கு முன் குழு தீர்மானித்தால் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்வேன்.

சங்கத் தலைவி, காரைதீவு:

அனுமதி உண்டு சேர். ஒன்று மட்டும்: எங்கள் சீட்டில் இரண்டு பேர் தங்கள் மாதங்களை மாற்றிக்கொள்வதும் உண்டு. அப்போது கணக்கு மாறுமா?