தாத்தா பட்டத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்ற இரண்டரை மணி நேரம்

பட்டக்காரர் பேரன்:

காற்றுப் பார்த்துப் பட்டம் ஏற்றியவர்கள் அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

எனக்கு அப்போது 12 வயது. தாத்தா பட்டம் கட்டுவதையே தொழிலாகக் கொண்டவர். அந்த வருட விழாவுக்கு என் உயரத்துக்கு ஒரு பட்டம் கட்டியிருந்தார். மூங்கிலைச் சீவிச் சீவி, விரலில் வைத்து நிறை பார்த்து, காகிதம் ஒட்டி முடிக்கப் பத்து நாள் ஆனது. அன்று சாயங்காலத்துக்குள் யார் எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றிருந்தார்கள். நாங்கள் மைதானத்துக்குப் போனபோது மணி 2.

நல்ல காற்று. கொடித்துணி விரிந்து நின்றது, இலைகள் ஓயாமல் ஆடின. "தாத்தா, ஏத்திரலாம்" என்றேன். அவர் பதில் சொல்லாமல், காற்று வரும் பக்கம் வரிசையாக நின்ற மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு பிடி காய்ந்த புல்லை என் கையில் கொடுத்துத் தூவச் சொன்னார். புல் நேராகப் போகவில்லை. கொஞ்சம் முன்னால் போய், சுருண்டு, என் காலடிக்கே திரும்பியது. "மரத்தைத் தாண்டி விழற காத்துடா இது, உருளும். இங்க நின்னா பட்டமும் உருளும்" என்றார். மரங்கள் 30 அடி உயரம் இருக்கும். அங்கிருந்து 300 அடிக்கும் மேலே தள்ளிப் போய் நின்றோம். அங்கே தூவிய புல் ஒரே வாக்கில் போனது.

இப்போதாவது ஏற்றுவார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து ஒரு சின்னக் காற்றாடியை எடுத்து என்னிடம் கொடுத்தார். "இதை விடு. இது என்ன சொல்லுதுன்னு பாரு."

விட்டதும் விறுவிறுவென்று ஏறியது. 150 அடி நூல் போயிருக்கும். திடீரென்று நூல் செங்குத்தாகி, காற்றாடி என் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம், இதைவிட நன்றாக ஒரு பட்டம் பறக்க முடியுமா என்று. தாத்தா நூலில் ஒரு விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். இழுப்பே இல்லை. தொய்ந்து கிடந்தது.

"அது காத்துல ஏறலை, சூட்டுல ஏறுது" என்றார். வெயிலில் காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று குமிழ் குமிழாக மேலே போகும். அதில் மாட்டினால் பட்டம் தூக்கிக்கொண்டு போகும். குமிழ் கடந்து போனதும் கீழே தாங்க ஒன்றுமில்லை, நூலிலும் இறுக்கமில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் காற்றாடி மூக்கைக் கவிழ்த்தது. நான் பதறி நூலைச் சுருட்டியதில் இறுக்கம் வந்து பாதி வழியில் நிமிர்ந்தது. ஆள் உயரப் பட்டம் அப்படி விழுந்திருந்தால் நடுக்குச்சி முறிந்திருக்கும்.

வானத்தைக் காட்டினார். பஞ்சுப் பொதிபோல மேகங்கள் அடிப்பக்கம் தட்டையாக, தனித்தனியாகத் திரண்டிருந்தன. ஒவ்வொரு பொதியும் ஒரு குமிழ் போய்ச் சேர்ந்த இடமாம். "அது புதுசு புதுசா திரள்ற வரைக்கும் தரை கொதிக்குது. கரைய ஆரம்பிக்கட்டும்."

மற்றவர்களின் பட்டங்கள் ஏறின, சில விழுந்தன. நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். தாத்தா என்னை ஒரு வேலையில் உட்கார வைத்தார். காற்று ஒரு தடவை வீசி ஓய்ந்து அடுத்து வீசும் வரை எண்ண வேண்டும். முதலில் 20 எண்ணுவதற்குள் ஓய்வு, பிறகு வெடுக்கென்று ஒரு வீச்சு. நாலு மணிக்கு மேல் ஓய்வே இல்லாமல், வேகமும் அதிகம் மாறாமல் வந்தது. மேகப் பொதிகளின் ஓரம் பிய்ந்து பிய்ந்து கரைந்துகொண்டிருந்தது.

நாலரைக்குப் பெரிய பட்டத்தை எடுத்து, நூலைப் பட்டத்தோடு இணைக்கும் சூத்திரக் கயிற்றின் முடிச்சை அரை விரற்கடை மூக்குப் பக்கமாக நகர்த்தினார். கீழே காற்று மிதம்தான், ஆனால் மேலே போகப் போக வேகம் கூடும், அதற்குத்தான் முடிச்சு என்றார். மூக்குப் பக்கம் நகர்த்தினால் பட்டம் காற்றுக்குக் குறைவாக நெஞ்சைக் காட்டும், இழுப்பு அளவோடு இருக்கும். ஏறியது. ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றது. நூலை என் கையில்தான் கொடுத்திருந்தார்.

நூல்கண்டு:

அருமை. ஆனால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. பட்டம் ஆடினால் வாலை நீட்டுங்கள், எந்தக் காற்றிலும் நிற்கும். என் அனுபவம் அதுதான்.

மைதானத்துக்காரர்:

வால் ஆட்டத்தை அடக்கும், உண்மை. ஆனால் மேலே சொன்ன விஷயத்துக்கு வால் உதவாது. நூல் தொய்ந்துவிட்டால் பட்டத்துக்கு எதிரே காற்றே இல்லை. அப்போது வால் வெறும் பாரம். மெல்லிய காற்றில் நீள வால் கட்டிவிட்டு "ஏறவே மாட்டேன் என்கிறது" என்று நின்றவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

தாத்தா காத்திருந்ததில் ஒன்றைச் சேர்க்கிறேன். சாயங்காலத்து அமைதி எப்போதும் நல்ல அமைதி இல்லை. ஒரு விழாவில் மேற்கே ஒரு மேகம் கரையாமல் கோபுரம்போல் வளர்ந்துகொண்டே போனது, அடி கறுத்துவிட்டது. காற்று சட்டென்று நின்றது. எல்லோரும் "வரும், வரும்" என்று பட்டத்தோடு நின்றார்கள். வந்தது, ஆனால் நேர் எதிர்த் திசையிலிருந்து, ஜில்லென்று. அது மேகத்திலிருந்து தரையில் கொட்டிப் பரவும் காற்று. மேலே இருந்த பட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. இடி காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தூரத்தில்தான் நிற்கிறோம். நூல் நனைந்திருந்தால் இன்னும் மோசம். அந்த நேரத்தில் பட்டத்தை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் ஓடுவதுதான் சரி.

மொட்டைமாடி:

என் பட்டம் எப்போதும் வலது பக்கமே சுற்றி விழுகிறது. காற்று சரியில்லை என்றுதான் நினைத்தேன். எந்த நேரத்தில் ஏற்றினால் சரியாகும்?

பட்டக்காரர் பேரன்:

எப்போதும் ஒரே பக்கம் என்றால் குறை பட்டத்தில்தான். ஒரு சமயம் இந்தப் பக்கம், ஒரு சமயம் அந்தப் பக்கம் என்றால் காற்றைச் சந்தேகிக்கலாம். தாத்தா முதலில் கேட்பதே இதைத்தான். குறுக்குக் குச்சியை நடுவில் நூலால் கட்டித் தொங்கவிடுங்கள், வலது பக்கம் தாழ்கிறதா பாருங்கள். தாழாவிட்டால் இரண்டு முனையையும் பிடித்து வளையுங்கள். ஒரு பாதி அதிகமாக வளைந்தால் அடுத்த பாதியைக் கொஞ்சம் சீவ வேண்டும். மாடியில் ஏற்றுகிறீர்கள் என்றால் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வரும் காற்றும் உருளத்தான் செய்யும், விழுந்தால் ஆபத்து வேறு. மைதானத்துக்குப் போய்ச் சோதியுங்கள்.

நூல்கண்டு:

வால் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். தும்பி தாழப் பறந்தால் மழை என்பார்களே, தாத்தா அதைப் பார்ப்பாரா?

பட்டக்காரர் பேரன்:

பார்ப்பார். தும்பியைப் பார்த்ததும் மேகத்தையும் பார்ப்பார். தும்பி தாழ்ந்தும் மழை வராத நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அவரிடம் கேட்டபோது "அதுக்குக் கீழே பூச்சி கெடச்சிருக்கும்" என்றார்.

மைதானத்துக்காரர்:

என் கணக்கில் பாதிக்குப் பாதி சரியாக இருந்திருக்கிறது. நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மொட்டைமாடி:

குச்சியைத் தொங்கவிட்டேன். வலது பக்கம் தாழ்கிறது.