ஷெரிஃப் கதையில் விதிவழிப் பயன்வாதம் உண்மையிலேயே தப்பிக்கிறதா?

நண்பர்களே, அதிக நன்மை தருவதே சரி என்னும் பயன்வாதத்துக்கு எதிராகத் தத்துவவாதி மெக்ளாஸ்கி சொன்ன ஷெரிஃப் கதையில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஊரில் கலவரம் வெடித்தால் பலர் சாவார்கள். ஷெரிஃப் குற்றமற்ற ஒருவனைத் தூக்கிலிட்டால் கூட்டம் கலைந்துவிடும்.

செயல்வழிப் பயன்வாதி இந்த ஒரு செயலின் விளைவை மட்டுமே எடைபோடுவார். உண்மை கசிந்தால் நீதியின் மேல் நம்பிக்கை போய்விடும் என்று அவர் நழுவப் பார்க்கலாம். சரி, கசியவே கசியாது என்று கதையை மாற்றினால்? தூக்குக் கயிறுதான். செயல்வழிப் பயன்வாதியான ஸ்மார்ட் இதை வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

தத்துவவாதி ரால்ஸ் 1955-இல் கேள்வியையே மாற்றினார். தனிச் செயலை விட்டுவிட்டு, அதற்கு இடம்தரும் விதியை எடைபோடும் விதிவழிப் பார்வை இது. அப்பாவியைத் தண்டிக்க அதிகாரிகளுக்கு உரிமை தரும் ஓர் ஏற்பாடு இருந்தால் என்ன ஆகும்? தண்டிக்கப்பட்டவன் குற்றவாளியா பலியாடா என்று யாருக்கும் தெரியாது, அடுத்தது நாமோ என்ற பயம் வேறு. ஆகவே அந்த ஏற்பாடு தேறாது.

என் சிக்கல் இதுதான். ‘அப்பாவியைத் தண்டிக்காதே, கலவரமும் ரகசியமும் உறுதி என்றால் மட்டும் தண்டி’ என்ற விதி இன்னும் அதிகப் பயன் தருமே? இப்படி விலக்குகளைச் சேர்த்துக்கொண்டே போனால் செயல்வழியிலேயே போய் விழுகிறோம். விதி எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று சொல்லி இதைத் தடுக்கலாம். ஆனால் அந்த நிபந்தனைக்குப் பயன்வாதத்துக்குள்ளேயே காரணம் உண்டா, இல்லை வெளியிலிருந்து கடன் வாங்குகிறோமா? படித்தவர்கள் சொல்லுங்களேன்.