கும்பாபிஷேக மலருக்கு எக்ஸ்-1ஏ-யா, எக்ஸ்-4-ஆ? அந்த அவுட்புட் இன்டென்ட் வரி என்ன சொல்கிறது?

சிப்புட் அச்சுக்கடை

சுங்கை சிப்புட்டில் அப்பாவின் அச்சுக்கடையைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு தோட்டத்துக் கோயில் மலர் அடித்தோம். அட்டை 260 கிராம் ஆர்ட் கார்ட், உள்ளே 96 பக்கம் 80 கிராம் சிமிலி. அட்டை அருமை. உள்ளே அம்மன் அலங்காரப் படங்கள் எல்லாம் கரி அப்பியது போல இருந்தன. வாழ்த்துரை எழுத்துகளில் மெய்யெழுத்துப் புள்ளியைச் சுற்றி நீல நிழல், சிவப்பு நிழல். ஃபைல் PDF/X-1a, சோதனையில் பச்சை டிக். இனி டிசைனர்களிடம் எக்ஸ்-1ஏ கேட்பதா, எக்ஸ்-4 கேட்பதா? இன்னொன்று: அவுட்புட் இன்டென்ட் என்ற இடத்தில் `U.S. Web Coated (SWOP) v2` என்று இருக்கிறது. நாங்கள் யாரும் அதைப் போடவில்லை. அது என்ன செய்யும்?

ஈப்போ தட்டு மணியம்

தம்பி, எக்ஸ்-1ஏ தவிர வேறெதையும் வாங்காதே. உன்னைப் போல சின்னக் கடைகளுக்குத் தட்டு எடுத்துக் கொடுத்தே எனக்குப் பாதி முடி போய்விட்டது. எக்ஸ்-4 வந்தால் படத்தின் நிழல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பெட்டி விழும், ஆர்ஜிபி உள்ளே ஒளிந்திருக்கும், கடைசியில் பழி தட்டுக்காரன் தலையில்.

உன் பிரச்சினை அவுட்புட் இன்டென்ட்தான். அமெரிக்கக் கோட்டட் தாளுக்கு என்று எழுதியிருக்கிறது, நீயோ சிமிலியில் அடித்தாய். அக்ரோபாட்டில் திறந்து அந்த வரியை அன்கோட்டட் என்று மாற்றிச் சேமித்து அனுப்பு. நிறம் தானாகச் சரியாகிவிடும்.

பேனர் குமாரு

ஏன்பா இவ்வளவு குழப்பம்? எங்கள் பேனர் மெஷினுக்கு நான் எல்லாவற்றையும் ஆர்ஜிபியில்தான் கொடுப்பேன். தைப்பூசத்துக்கு இருபது அடி முருகன் போட்டோம், பச்சை எல்லாம் பளபள. ஜேபெக் கொடுத்தால் போதும்.

ரெஜிஸ்டர் அக்கா

குமாரு, உங்கள் இங்க்ஜெட்டுக்கு அது சரி. அங்கே மெஷினின் மென்பொருளே நிறத்தை மாற்றிக்கொள்கிறது, 9 பாயின்ட் எழுத்தும் இல்லை. ஆஃப்செட்டில் நாலு தட்டு தனித்தனியாக வந்து ஒன்றன் மேல் ஒன்று உட்கார வேண்டும்.

மணியம் அண்ணே, நோய் எதுவென்று பாதி சரியாகச் சொன்னீர்கள். மருந்துதான் தப்பு. அந்த வரியை மாற்றினால் ஃபைலில் உள்ள ஒரு சிஎம்ஒய்கே எண்ணும் மாறாது. அவுட்புட் இன்டென்ட் என்பது ஒரு வாக்குமூலம். "இந்த எண்களை நான் இன்ன மைக்கு, இன்ன தாளுக்கு என்று தயார் செய்தேன்" என்று ஃபைல் சொல்கிறது. திரையில் காட்டும் நிறமும் புரூஃப் எடுக்கும் நிறமும் அதை நம்பித்தான் வரும். உள்ளே ஆர்ஜிபி இருந்தால் அதை எந்த சிஎம்ஒய்கேக்கு மாற்றுவது என்று, ஃபைலைத் தட்டுக்கான புள்ளிகளாக்கும் ரிப் அதைப் பார்க்கும். ஆனால் ஏற்கெனவே சிஎம்ஒய்கே ஆகிவிட்ட படம் சாதாரண அமைப்பில் அப்படியே தட்டுக்குப் போகும். அன்கோட்டட் என்று எழுதினால் வாக்குமூலம் பொய்யாகும், படம் அதே கரியாக வரும்.

தம்பி, ஒரு சோதனை செய்யுங்கள். அக்ரோபாட் ப்ரோவில் `Output Preview` திறந்து `Process Black`-க்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். வாழ்த்துரை எழுத்து முழுவதும் மறைய வேண்டும். மறையாவிட்டால், எழுத்தின் மேல் சுட்டியை வைத்து நாலு எண்ணையும் படித்துச் சொல்லுங்கள்.

மலர்க்குழுச் செயலாளர்

நான் வேறு கோயில். எங்கள் மலரை நூறு வருஷம் கழித்தும் திறக்க வேண்டும் என்று `PDF/A` கேட்டிருக்கிறோம். அச்சுக்கும் அதையே கொடுத்தால் வேலை முடிந்ததே?

ரெஜிஸ்டர் அக்கா

ஐயா, அது ஆவணமாக வைத்திருக்க. மலரை அப்படியும் ஒரு பிரதி சேமித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் எல்லாமே ஆர்ஜிபியாக இருந்தாலும் தேர்ச்சி பெற்றுவிடும். அச்சுக்கடைக்கு எக்ஸ் வகைதான்.

சிப்புட் அச்சுக்கடை

அக்கா, மறையவில்லை! கறுப்பை எடுத்த பிறகும் எழுத்து அழுக்குப் பழுப்பில் தெரிகிறது. எண்கள்: சயான் 75, மெஜென்டா 68, மஞ்சள் 67, கறுப்பு 90. அம்மன் படத்தில் இருட்டான மூலையிலும் ஏறக்குறைய இதேதான். ஃபைலுக்குள் இப்படி இருக்கிறது:

```
/Type /OutputIntent
/S /GTS_PDFX
/OutputConditionIdentifier (CGATS TR 001)
/RegistryName (http://www.color.org)
```

ரெஜிஸ்டர் அக்கா

அந்த 75, 68, 67, 90-ஐப் பார்த்தவுடனே ஊர் தெரிந்துவிட்டது. ஆர்ஜிபியில் 0, 0, 0 என்ற கறுப்பை ஸ்வாப் புரொஃபைலுக்கு மாற்றினால் வருவது இதுதான். கூட்டிப் பாருங்கள், சரியாக 300.

நடந்தது இப்படி இருக்க வேண்டும். குழுவினர் வாழ்த்துரைகளை வேர்ட் ஃபைலாக அனுப்பியிருப்பார்கள். இன்டிசைனில் இழுத்துப் போடும்போது `Word_R0_G0_B0` என்று ஒரு நிறமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குக் கறுப்புதான், ஆனால் ஆர்ஜிபி கறுப்பு. டிசைனர் எக்ஸ்-1ஏ என்று ஏற்றுமதி செய்தார். எக்ஸ்-1ஏ ஆர்ஜிபியை ஏற்காது, அதனால் இன்டிசைன் அதை நாலு நிறமாக மாற்றிவிட்டது. எல்லாம் சிஎம்ஒய்கே ஆகிவிட்டதால் பச்சை டிக்கும் விழுந்தது. எழுத்தைக் கறுப்புத் தட்டில் மட்டும் வை என்று எக்ஸ்-1ஏ எங்கும் கேட்பதில்லை.

அப்புறம் உங்கள் மெஷினில் ஒரு தட்டு அரை முடி அளவு நகர்ந்தால் போதும், 'க்' மேல் உள்ள புள்ளிக்கு நீல நிழல் வரும். ணகர ழகரச் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் இந்த அளவுக்குத் தெரியாது. தமிழில் புள்ளிக்கு ஓடி ஒளிய இடமில்லை.

ஸ்வாப் எங்கிருந்து வந்தது? இன்டிசைனை நிறுவும்போது வட அமெரிக்க அமைப்பு இருந்தால் சிஎம்ஒய்கேக்கு அதுதான் இயல்பாக உட்காரும். டிஆர் 001 என்பது 1995-இல் அமெரிக்கப் பத்திரிகை அச்சுக்கு, அதாவது சுருள் தாள் வெப் மெஷினில் மெல்லிய கோட்டட் தாளுக்கு, எடுத்த அளவு. சுங்கை சிப்புட்டில் தாள் தாளாக அடிக்கும் மெஷினுக்கும் சிமிலிக்கும் அதனோடு என்ன உறவு? யாரும் போடாத கையெழுத்து அது.

படத்துக்கு வருவோம். 2013-இல் வந்த ஐஎஸ்ஓ 12647-2 அளவில், ஃபைலில் 50 சதவீதமாக உள்ள புள்ளி கோட்டட் தாளில் 66 ஆகவும் கோட்டிங் இல்லாத தாளில் 72 ஆகவும் பருக்கும். கோட்டட்டுக்கு என்று கணக்குப் போட்ட படத்தைச் சிமிலியில் அடித்தால் நடு நிழல் எல்லாம் கூடுதலாக இருண்டுவிடும். உங்கள் அட்டை தப்பித்தது ஆர்ட் கார்டில் அடித்ததால்தான்.

ஈப்போ தட்டு மணியம்

சரி, வரியை மாற்றினால் எண் மாறாது, ஒப்புக்கொள்கிறேன். கடையில் மாற்றிப் பார்த்தேன், அப்படியே நிற்கிறது. ஆனாலும் எக்ஸ்-4 வேண்டாம் என்பதில் நான் அசையமாட்டேன். எக்ஸ்-1ஏ என்றால் தப்பு டிசைனர் மேசையிலேயே தெரியும். தம்பி கண்டுபிடித்த அந்த எண்களே அதற்குச் சாட்சி. எக்ஸ்-4 என்றால் ஆர்ஜிபி என் ரிப்புக்குள் வந்து மாறும். ஒரு கடை ரிப்பில் ஒரு கறுப்பு, இன்னொரு கடையில் வேறு கறுப்பு.

ரெஜிஸ்டர் அக்கா

அண்ணே, உங்கள் ரிப் பிடிஎஃப்பை முதலில் போஸ்ட்ஸ்கிரிப்டாக மாற்றுகிற பழைய வகையா?

ஈப்போ தட்டு மணியம்

ஆமாம். வாங்கிப் பல வருஷம் ஆச்சு, இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. புதிது வாங்க யார் ரிங்கிட் தருவார்?

ரெஜிஸ்டர் அக்கா

அப்படியென்றால் உங்கள் கடைக்கு எக்ஸ்-1ஏதான் நியாயம். போஸ்ட்ஸ்கிரிப்டுக்கு டிரான்ஸ்பரன்சி தெரியாது, வழியில் தட்டையாக்கித்தான் ஆக வேண்டும். அந்த வேலையை டிசைனரின் கணினி செய்வதே மேல். ஆனால் அதற்கும் விலை உண்டு. நிழல் விழுந்த படத்தின் மேல் தலைப்பு இருந்தால், தட்டையாக்கும்போது அந்த எழுத்து வெறும் வடிவமாகவோ படமாகவோ மாறும். பக்கத்தில் உள்ள அதே எழுத்தைவிடச் சற்றுத் தடிக்கும். மலரில் "வாழ்த்துகிறோம்" என்று ஒரு பாதி தடிப்பாக, மறு பாதி மெலிதாக வந்ததை நானே கோலாலம்பூரில் அடித்து, மறு தட்டு எடுத்திருக்கிறேன். எக்ஸ்-4-இல் டிரான்ஸ்பரன்சி அப்படியே உயிரோடு ரிப் வரை போகும், இந்தத் தொல்லை வராது.

தம்பி, எந்த எக்ஸ் என்பதை உங்களுக்குத் தட்டு எடுப்பவரின் ரிப் தீர்மானிக்கட்டும். பிடிஎஃப் அச்சுக்கு விதி வகுக்கும் கெண்ட் குழுவின் சோதனைப் பக்கங்கள் இணையத்தில் இலவசம், ஒன்றை அவருக்கு அனுப்பித் தட்டு எடுத்துப் பார்க்கலாம். ஆனால் எதைக் கேட்டாலும் மலருக்கு இரண்டு ஃபைல் கேளுங்கள். அட்டைக்கு ஃபோக்ரா39, உள் பக்கத்துக்கு ஃபோக்ரா52. இரண்டும் அச்சு அளவுத் தொகுப்புகள்; முதலாவது கோட்டட் தாளுக்கு எடுத்தது, இரண்டாவது கோட்டிங் இல்லாத வெள்ளைத் தாளுக்கு எடுத்தது. படங்கள் ஆர்ஜிபியாக இருக்கும்போதே அந்தந்தப் புரொஃபைலுக்கு மாற்றினால் எண்ணும் வாக்குமூலமும் ஒன்றாகும். ஏற்கெனவே ஸ்வாப்பில் மாறிவிட்ட இந்த மலரை மறுபடி அடிக்கிறீர்கள் என்றால் அக்ரோபாட்டின் `Convert Colors`-இல் `Preserve Black` டிக் போடுங்கள். அது 100 கறுப்பாக உள்ள எழுத்தைக் காப்பாற்றும். ஆனால் நாலு நிறமாகிவிட்ட வாழ்த்துரையைத் திரும்பக் கறுப்பாக்காது. அதற்கு மூல ஃபைலில் அந்த வேர்ட் நிறத்தை நீக்கி, பதிலாக `[Black]` வைக்க வேண்டும்.

பேனர் குமாரு

அக்கா, என் மெஷினுக்கு எந்த ஃபோக்ரா?

ரெஜிஸ்டர் அக்கா

எதுவும் இல்லை குமாரு. உங்கள் மை, உங்கள் பேனர் துணி, அதற்கென்று மெஷினோடு வந்த புரொஃபைல்.

சிப்புட் அச்சுக்கடை

டிசைனரிடம் பேசினேன். மூல ஃபைல் இருக்கிறது. நிறப் பட்டியலில் `Word_R0_G0_B0` நிஜமாகவே இருந்தது. அதோடு `Word_R31_G31_B31` என்று இன்னொன்று, தலைவர் உரை முழுவதும் அதில்! நீக்கிவிட்டு எட்டு பக்கம் மட்டும் ஃபோக்ரா52-க்கு எக்ஸ்-1ஏ, எக்ஸ்-4 இரண்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா ஒன்று கேட்கிறார்: நாங்கள் வாங்கும் சிமிலி கொஞ்சம் மஞ்சள் ஓடியது. ஃபோக்ரா52-இன் தாள் வெள்ளைக்கும் அதற்கும் ஒத்துப்போகுமா?

ரெஜிஸ்டர் அக்கா

ஒத்துப்போகாது. ஃபோக்ரா52 எடுத்த தாளில் வெண்மையூட்டும் பொருள் நிறைய, சற்று நீலம் ஓடும். அம்மன் முகத்தில் மஞ்சளை எவ்வளவு குறைப்பது என்பதை மெஷினில் பார்த்துத்தான் அப்பா சொல்ல வேண்டும்.

ஈப்போ தட்டு மணியம்

எட்டு பக்கம் இரண்டையும் எனக்கு அனுப்பு தம்பி. எக்ஸ்-4-இல் வெள்ளைப் பெட்டி விழுந்தால் அந்தத் தட்டுக்குக் காசு வாங்கமாட்டேன். விழாவிட்டால் இரண்டுக்கும் வாங்குவேன்.