கலைச்சொல்: பொழுதைச் சுட்டாத தொடக்க வணக்கத்துக்கு என்ன பெயர்?

உவர்மலை, மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் வணக்கம்.

திருகோணமலையிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் அறிவித்தல்களுக்கு ஓர் எழுத்துநடைக் கையேடு தயாராகிறது. பழைய மாணவர் சங்கங்கள், கோயில் திருப்பணிக் குழுக்கள், ஊர் அபிவிருத்திச் சங்கங்கள் அனுப்பும் மின்னஞ்சல்களுக்கானது. படிப்பவர்களில் ஒரு பங்கினர் இங்கே, மற்றவர்கள் ரொறன்ரோ, லண்டன், மெல்பேண் என்று சிதறியிருக்கிறார்கள். 'காலை வணக்கம்' என்று தொடங்காமல் எந்தப் பொழுதுக்கும் பொருந்தும்படி தொடங்குங்கள் என்று கையேட்டில் எழுதவேண்டும். அப்படிப்பட்ட தொடக்கத்தைக் குறிக்க ஒரு சொல் வேண்டும். நான் வைத்திருப்பது 'பொழுதுசாரா முகமன்'.

எதற்காகக் கேட்கிறேன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2025 மார்ச் 3, திங்கள் காலை 7.10க்கு இங்கிருந்து ஓர் அறிவித்தல் போகிறது என்று வையுங்கள். 'காலை வணக்கம். நாளை மாலை 7.30க்குக் கூட்டம்.' அதே கணத்தில் மெல்பேணில் திங்கள் பகல் 12.40. லண்டனில் நள்ளிரவு தாண்டி 1.40. ரொறன்ரோவில் இன்னும் ஞாயிறு, இரவு 8.40. மூன்று ஊரிலும் காலை இல்லை. சரியான வாழ்த்து கிடைப்பது அனுப்பியவருக்கும் அவருடைய அயலவருக்கும்தான்.

நிலாவெளி, மென்பொருள்

அக்கா, இதற்குச் சொல் தேடுவதைவிட நிரலில் தீர்ப்பது சுலபம். பெறுநரின் நேர வலயத்தைப் பதிவுப் படிவத்திலேயே கேட்டு வாங்கிவிட்டால், ஒவ்வொருவருக்கும் அவருடைய பொழுதுக்கு ஏற்ற வணக்கத்தை வார்ப்புரு தானே போடும்.

```
hour = datetime.now().hour
greet = "காலை வணக்கம்" if hour < 12 else "மாலை வணக்கம்"
```

இதில் `now()` இருக்கும் இடத்தில் பெறுநரின் வலயத்தைக் கொடுத்தால் வேலை முடிந்தது. பிறகு கலைச்சொல் எதற்கு?

தம்பலகாமம், ஓய்வுபெற்ற அதிபர்

முகமன் என்று சொல்லி ஏன் சுற்றிவளைக்கவேண்டும்? அலுவலகக் கடிதத்துக்கு 'ஐயா / அம்மணி' என்று போடுவதுதான் முறை. பலருக்குப் போவதானால் 'அன்புடையீர்'. அதில் காலையுமில்லை, மாலையுமில்லை. இங்கே எல்லாப் பாடசாலைகளிலும் அப்படித்தான் படிப்பித்தோம்.

உவர்மலை, மொழிபெயர்ப்பாளர்

சேர், நீங்கள் சொல்வது விளி. யாரை நோக்கி எழுதுகிறோம் என்பதை அது காட்டும். நான் கேட்பது விளிக்கு அடுத்து வரும் சொல்லை. 'அன்புடையீர்,' என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் 'காலை வணக்கம்' என்று தொடங்குபவர்கள்தான் அதிகம். சிக்கல் அந்த இரண்டாவது வரியில் இருக்கிறது. ஆனாலும் உங்கள் கடிதத்தால் ஒன்று தெளிவாகிறது: விளிக்கும் முகமனுக்கும் கையேட்டில் தனித்தனித் தலைப்பு வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும்.

லண்டன் (பிறந்த இடம் மூதூர்), அஞ்சல் வழங்கி நிர்வாகம்

தம்பி நிலாவெளி, நிரல் பாதிதான் சரி. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் காட்டிய இரண்டு வரி. வழங்கிகள் பெரும்பாலும் கிறீனிச் நேரத்தில் ஓடும். அங்கே `now()` தருவது இலங்கை நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கிய நேரம். அதனால் திருகோணமலையில் காலை 5.30 தொடங்கி மாலை 5.29 வரைக்கும் அது 'காலை வணக்கம்' என்றே அனுப்பும். பின்னேரம் நாலரைக்குக் காலை வணக்கம் வந்தால் பிழை இங்கேதான் என்று கண்டுபிடிக்கலாம். 5.30க்கு மாலைக்கு மாறிவிட்டு, அடுத்த நாள் விடிய 5.30 வரைக்கும் மாலையாகவே நிற்கும். அதுவும் அடையாளம்.

அதைத் திருத்தி, பெறுநரின் வலயத்தையும் வாங்கிவிட்டீர்கள் என்றே வைப்போம். அப்போதும் உங்களுக்குத் தெரிவது அஞ்சல் போய்ச் சேரும் நேரம்தான். திறந்து படிக்கும் நேரம் தெரியாது. ஒரே ஊரில் இருப்பவரே காலையில் வந்ததை இராச் சாப்பாட்டுக்குப் பிறகு படிப்பார். தொலைபேசியில் 'காலை வணக்கம்' சொன்னால் சொல்பவரும் கேட்பவரும் ஒரே கணத்தில் இருக்கிறார்கள்; வலயம் தெரிந்தால் போதும். எழுத்தில் அந்தக் கணமே பொதுவானதல்ல. ஆகவே வலயக் கணக்கு நேரடிப் பேச்சுக்கு உதவும், அஞ்சலுக்கு உதவாது.

இன்னொன்று, குழு முகவரிக்குப் போகும் மடல் ஒரே பிரதியாகத்தான் எல்லோருக்கும் போகிறது. ஆளுக்கொரு வணக்கம் போட அதில் இடமே இல்லை. தலைப்பகுதியில் இருக்கும் நேரமும் அனுப்பியவருடையது:

```
Date: Mon, 3 Mar 2025 07:10:00 +0530
```

இந்த `+0530` அனுப்பியவரின் கடிகாரத்தைச் சொல்கிறது. சென்னையிலிருந்து அனுப்பினாலும் இதே எண்தான் இருக்கும். பெறுநர் எங்கே இருக்கிறார் என்பதற்கு இதில் ஒரு தடயமும் இல்லை.

கிண்ணியா, ஆசிரியை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

இப்படி இரண்டையும் சேர்த்துத்தான் நான் எழுதுவது. இரண்டுமே எந்தப் பொழுதுக்கும் பொருந்தும். சிங்கள நண்பர்கள் சொல்லும் 'ஆயுபோவன்' என்பதும் அப்படித்தான், நீண்ட ஆயுளை வாழ்த்துவது, பொழுதைச் சொல்லாது. காலை வணக்கமும் மாலை வணக்கமும் ஆங்கில வாழ்த்தைப் பார்த்து நாம் பிறகு செய்துகொண்டவை. ஆகவே நம்மிடம் ஏற்கெனவே இருப்பதற்குப் புதிய பெயர் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. பெயரின் தலைச்சொல் 'வணக்கம்' ஆக இருக்கக்கூடாது. வணங்குதல் என்ற பொருளை நினைத்து அந்தச் சொல்லைத் தவிர்ப்பவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். 'பொழுதுசாரா வணக்கம்' என்று கையேட்டில் போட்டால் ஸலாமுக்கு அதன் கீழ் இடம் இல்லாமல் போகும். முகமன் என்றால் இரண்டும் அடங்கும்.

யாழ்ப்பாணம், அகராதிப் பணி

ரீச்சர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் முகமனிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'முகமனுக்காகச் சொன்னது' என்றால் உள்ளே இல்லாததை வெளியே சொன்னது என்றுதான் பலர் எடுத்துக்கொள்வார்கள். முகத்துதி என்ற நிழல் அந்தச் சொல்லில் விழுகிறது. 'வாழ்த்து' என்று போடலாமா என்று பார்த்தேன். அது பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் போய்விடுகிறது. 'தொடக்கவுரை' கூட்டத்தில் பேசுவது. எனவே குறையோடு முகமனே மிஞ்சுகிறது.

முன்பகுதிக்கு வருவோம். 'நேரஞ்சாரா' என்பதைவிடப் 'பொழுதுசாரா' நல்லது. நேரம் என்றவுடன் கடிகாரமும் நேர வலயமும் நினைவுக்கு வரும். இங்கே விடுபடவேண்டியது காலை, மாலை என்ற பகுப்பு. தொல்காப்பியம் நாளை வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஆறு சிறுபொழுதாகப் பிரித்தது. பொழுது என்பது சரியாக அந்தப் பகுப்பின் பெயர். புணர்ச்சியிலும் தொல்லை இல்லை: பொழுது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், அதனால் 'பொழுதுச்சாரா' என்று ஒற்று மிகாது. 'சாரா'வுக்குப் பின் முகமன் வருவதால் அங்கேயும் ஒற்று இல்லை. ஆனால் 'தொடக்கம்' என்று போட்டால் 'பொழுதுசாராத் தொடக்கம்' என்று எழுதவேண்டிவரும், அதைப் பாதிப்பேர் தவறவிடுவார்கள்.

நிலாவெளி, மென்பொருள்

லண்டன் அண்ணா சொன்னது விளங்கிவிட்டது, வார்ப்புருவிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுகிறேன். செயலிகளை மொழிபெயர்க்கும்போது இன்னொரு இடம் இடிக்கும். ஆங்கிலத்தில் காலை, பிற்பகல், மாலை என்று மூன்று சரங்கள் இருக்கும். மூன்றாவது சரம் இரவு 10 மணிக்கும் வரும், ஏனென்றால் ஆங்கிலத்தில் இரவு வணக்கம் விடைபெறும்போது சொல்வது. நாம் அதை 'மாலை வணக்கம்' என்று மொழிபெயர்த்தால் இரவு 10 மணிக்குத் திரையில் மாலை என்று நிற்கும். தமிழில் விளக்கேற்றும் நேரத்தோடு மாலை முடிந்துவிடுகிறதே. மூன்று சரத்துக்கும் 'வணக்கம்' என்றே போடலாமா?

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். ஐஆர்சி அரட்டை அறைகளில் யார் எப்போது உள்ளே வந்தாலும் அவருக்கு அது காலை, போகும்போது இரவு என்று ஒரு வழக்கம் இருக்கிறதாம். அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

உவர்மலை, மொழிபெயர்ப்பாளர்

மூன்று சரத்துக்கும் 'வணக்கம்' போடுவது சரி, தம்பி. மூன்று இடத்தில் ஒரே சொல் வருவது பிழையல்ல. ஐஆர்சி வழக்கம் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்த உடன்பாடு. அறிவித்தல் படிக்கும் பெரியம்மாவுக்கு அது தெரியாது, இரவில் காலை வணக்கம் வந்தால் பழைய மடல் என்று நினைத்து மூடிவிடுவார். ரஷ்ய மொழியில் 'நாளின் நல்ல பொழுது உரித்தாகுக' என்ற கருத்தில் ஒரு தொடர் இணையத்தில் பரவலாக எழுதப்படுகிறது. அங்கேயே அதைச் செயற்கை என்று வெறுப்பவர்களும் இருக்கிறார்கள். 'இனிய பொழுது வணக்கம்' என்று நாம் ஒன்றைச் செய்தால் அதே கதிதான். வணக்கம் தனியே நிற்கும்போது குறையொன்றும் தெரியவில்லையே.

லண்டன், அஞ்சல் வழங்கி நிர்வாகம்

முதல் மடலில் உள்ள எடுத்துக்காட்டை யாரும் முழுதாகப் பார்க்கவில்லை. வணக்கம் பிழைத்தால் ஒரு புன்சிரிப்போடு போய்விடும். அடுத்த சொல் 'நாளை' பிழைத்தால் ஆள் கூட்டத்துக்கு வரமாட்டார். ரொறன்ரோக்காரர் அதை ஞாயிறு இரவு படிக்கிறார். அவருடைய நாளை திங்கள். நீங்கள் நினைத்தது செவ்வாய். 'மாலை 7.30' என்பதைத் தன் ஊர் மாலை என்று எடுத்தால் இன்னொரு பிழையும் சேரும்.

இலங்கை நேரம் செவ்வாய் மாலை 7.30 என்றால் ரொறன்ரோவில் செவ்வாய் காலை 9.00, லண்டனில் பிற்பகல் 2.00, மெல்பேணில் புதன் அதிகாலை 1.00. அடுத்த செவ்வாயும் அதே நேரம் கூட்டம் வைத்தால் ரொறன்ரோவில் அது 10.00 ஆகிவிடும், ஏனென்றால் 2025இல் அங்கே மார்ச் 9 கடிகாரத்தை முன்னே நகர்த்தினார்கள். லண்டனில் நகர்த்தியது மார்ச் 30இல். மெல்பேணில் ஏப்ரல் 6 பின்னே. இலங்கையில் மாற்றமே இல்லை. ஆகவே போன மாத அறிவித்தலில் இருந்த நேர அட்டவணையை வெட்டி ஒட்டக்கூடாது.

என் கேள்வி: பொழுதுசாரா என்ற பெயர் முகமனுக்கு மட்டுமா, 'நாளை', 'இன்றிரவு' போன்றவற்றைத் தவிர்ப்பதற்கும் அதுவேயா?

யாழ்ப்பாணம், அகராதிப் பணி

முகமனுக்கு மட்டும். 'நாளை' பொழுதல்ல, நாள். இரண்டையும் ஒரு பெயருக்குள் திணித்தால் பெயர் நீர்த்துவிடும். அதற்கு வேறு சொல் தேடவேண்டும்; இப்போதைக்கு என்னிடம் இல்லை.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற அதிபர்

விளியும் முகமனும் வேறு என்பதை ஏற்கிறேன். ஆனால் முகமன் என்ற சொல்லை இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? 'பொது வணக்கம்' என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

கிண்ணியா, ஆசிரியை

சேர், தலைச்சொல் பற்றி நான் சொன்னது இதற்கும் பொருந்தும். அதோடு 'பொது' என்றால் பலருக்குச் சேர்த்துச் சொல்வது என்ற பொருள்தான் வருகிறது. ஒருவருக்கு எழுதும் கடிதத்திலும் பொழுதுசாரா முகமன் வேண்டும்.

உவர்மலை, மொழிபெயர்ப்பாளர்

கையேட்டின் வரைவில் 'பொழுதுசாரா முகமன்' என்று இட்டு, பக்கத்தில் 'பரிசீலனையில்' என்று குறித்திருக்கிறேன். அதிபர் சேரின் ஆட்சேபத்தையும் அடியில் சேர்த்தேன். முதல் மடலின் அறிவித்தல் இப்போது இப்படி இருக்கிறது:

> அன்புடையீர்,
> வணக்கம் / அஸ்ஸலாமு அலைக்கும்.
> கூட்டம் 2025 மார்ச் 4, செவ்வாய், இலங்கை நேரம் மாலை 7.30க்குத் தொடங்கும் (ரொறன்ரோ செவ்வாய் காலை 9.00, லண்டன் செவ்வாய் பிற்பகல் 2.00, மெல்பேண் புதன் அதிகாலை 1.00).

கூட்டம் தொடங்கும்போது தலைவர் வாயால் என்ன சொல்வது என்பது இன்னும் பாக்கி. திரையில் ஒருவருக்குக் காலை, ஒருவருக்கு நடுச்சாமம். அங்கேயும் வெறும் வணக்கம் போதும் என்பது என் எண்ணம். லண்டன் அண்ணா நேரடிப் பேச்சுக்கு வலயக் கணக்கு உதவும் என்றார். நான்கு வலயத்துக்கு ஒரே வாய் என்றால் என்ன செய்வது என்பதை அவர்தான் சொல்லவேண்டும்.